56 நிமிடம்

டி-6 பெட்டியின் அடியில், சக்கரங்களைத் தாங்கும் பின்பக்க ட்ராலிக்கு எதிரே செல்வி ஜல்லியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது மணி 3.40. காரைக்குடி ஜங்ஷனில் அந்நேரத்துக்கு விழித்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: அவள், டெக்னீசியன் சேது அண்ணன், இரவுப் பணி ஸ்டேஷன் மாஸ்டர், பார்சல் ஆபீஸ் வாசலில் போர்வைக்குள் இருமிக்கொண்டிருந்த போர்ட்டர். மார்கழிப் பனி கூரையிலிருந்து வழிந்து சக்கரங்களின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. சென்னை வண்டி 5.35க்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்து முடிக்க வேண்டும். இரவு ஷிப்டில் ஜூனியர் இன்ஜினியருக்கு இதுதான் வேலை. பெரும்பாலான இரவுகளில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்காகவே பார்க்க வேண்டும்.

சேது அண்ணன் இரண்டு பெட்டி தள்ளிப் போயிருந்தார். சுத்தியல் சத்தம் அவர் இருக்கும் இடத்தைச் சொன்னது. செல்வி பிரேக் தகட்டைப் பார்த்தாள், பேடைப் பார்த்தாள், போல்ட்டுகளைப் பார்த்தாள். எழுந்திருக்கும்போது டார்ச் வெளிச்சம் ஸ்பிரிங்கின் மேல் சாய்வாக விழுந்தது.

சக்கரத்தின் ஓரத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் நிற்கும். வெளி ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில், அழுக்குக்கும் கறுப்புப் பெயின்டுக்கும் நடுவே, ஒரு செம்பழுப்புக் கோடு. ஒன்றரை அங்குலம் இருக்கும். மயிரிழை என்று சொன்னால்கூட மிகை. நேராக டார்ச் அடித்தால் தெரியவில்லை. பக்கவாட்டில் அடித்தால் தெரிந்தது. விரலால் தொட்டாள். துரு மாவாக ஒட்டியது.

"அண்ணே, இங்கே வாருங்கள்."

சேது அண்ணன் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தை ஸ்பிரிங்குக்கு மிக அருகில் கொண்டுபோனார். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும் மனிதர். பெரிய அதிகாரிகள் முன்னால் அவளை மேடம் என்பார், இரவில் தங்கச்சி.

"பெயின்ட் வெடிப்பாக இருக்கலாம், தங்கச்சி. ஜல்லி தெறித்துக் கீறியிருந்தாலும் இப்படித்தான் தெரியும்."

"இருக்கலாம்."

"விரிசலாகவும் இருக்கலாம்" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

செல்வியின் அப்பா கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டியார் வீடுகளைப் பழுது பார்க்கும் கொத்தனார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சை இன்றும் கண்ணாடிபோலத் தேய்க்கத் தெரிந்த சிலரில் ஒருவர். முகப்புச் சுவரில் கோடு விழுந்திருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் பதறிக் கூப்பிட்டால், அவர் முதலில் கேட்பது பூச்சு வெடிப்பா, சுவர் வெடிப்பா என்பதைத்தான். கோட்டின் குறுக்கே பசை தடவி ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு வந்துவிடுவார். அடுத்த மாதம் போய்ப் பார்க்கும்போது காகிதம் கிழிந்திருந்தால் சுவர் நகர்கிறது. கிழியாவிட்டால் வெறும் பூச்சு. கூலி வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு குழைக்கலாம். அவருக்கு ஒரு மாதம் இருக்கும். செல்விக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை.

"மண்ணெண்ணெய் இருக்கிறதா, அண்ணே?"

"கேனில் கொஞ்சம் கிடக்கும்."

சாயம் தெளித்து விரிசல் பார்க்கும் டப்பாக்கள் பெரிய டிப்போக்களில் கிடைக்கும். இங்கே மண்ணெண்ணெயும் சாக்பீஸும்தான், அதுவும் பழைய ஆட்களுக்குத் தெரிந்த முறை. கம்பி பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தேய்த்தார்கள். பெயின்ட் உரிந்து இரும்பு பளிச்சென்று வந்தது. கோடு மட்டும் போகவில்லை. சேது அண்ணன் பஞ்சில் மண்ணெண்ணெய் நனைத்துச் சுற்றி வைத்தார். பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் மீதிப் பெட்டிகளைப் பார்க்கப் போனார். செல்வி அங்கேயே இருந்தாள். ஊருக்குள் ஏதோ ஒரு கோயிலில் ஒலிபெருக்கியைத் தட்டிச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது.

பஞ்சை எடுத்து உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்தாள். சாக்பீஸைப் படுக்கையாகப் பிடித்து, சுற்று முழுவதும் வெள்ளையாகும்படி தேய்த்தாள். உள்ளே விரிசல் இருந்தால், அதற்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல மேலே வந்து சுண்ணத்தை நனைக்கும். இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

சிறிது நேரம் வெள்ளையாகவே இருந்தது. அந்தச் சிறிது நேரத்தில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்ததை மறைப்பானேன். பெயின்ட் கீறல்தான், எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம் என்று மனம் முந்திக்கொண்டது. பிறகு வெள்ளையின் நடுவே ஒரு சாம்பல் நிறக் கோடு எழுந்தது. எழுந்தது நிற்கவில்லை. துரு தெரிந்த இடத்தைத் தாண்டி, சுற்றின் உள்பக்கம் வளைந்து, டார்ச் எட்டாத இடத்துக்குப் போனது.

திரும்பி வந்த சேது அண்ணன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போனில் இரண்டு படம் எடுத்துக் கொடுத்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். முதலில் அவளை உட்காரச் சொன்னார். அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்தக் கோடா?"

"ஆமாம் சார். பெட்டியைக் கழற்ற வேண்டும்."

"அம்மா, நேற்று இரவு சென்னையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் இதே ஸ்பிரிங்கோடுதான் வந்திருக்கிறது."

"வந்தபோது கோடு இவ்வளவு நீளமா என்று தெரியாதே, சார்."

"திருச்சி தொண்ணூறு கிலோமீட்டர்தான். அங்கே ஆள் இருக்கிறது, ஜாக் இருக்கிறது, மாற்றுப் பெட்டிகூட இருக்கலாம். மெதுவாகவே ஓட்டச் சொல்வோம். இங்கே கழற்றினால் நடுவிலிருந்து உருவ வேண்டும். ஒரு மணி நேரம் போய்விடும். பெட்டியில் நூறு பேர் முன்பதிவு செய்திருப்பார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. செல்விக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். முட்டாள்தனமாகப் பேசுகிறவரோடு சண்டை போடுவது எளிது.

கண்ட்ரோலுக்குப் போன் போட்டார்கள். மறுமுனையில் தூக்கம் கலையாத குரல்.

"எவ்வளவு ஆழம்?"

"தெரியாது சார். மேலே இரண்டு அங்குலத்துக்கு மேல் ஓடுகிறது. ஆழத்தை ஸ்பிரிங்கை வெளியே எடுத்தால்தான் சொல்ல முடியும்."

"உள் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதல்லவா? திருச்சி வரைக்கும் தாங்காதா?"

"தாங்கலாம் சார்."

"பிறகென்ன?"

"தாங்கலாம் என்று பிரேக் பவர் சர்டிபிகேட்டில் எழுதுவதற்கு இடமில்லை. வண்டி சரியாக இருக்கிறது என்று மட்டும்தான் கையெழுத்துப் போட முடியும். இந்தப் பெட்டியோடு என்னால் போட முடியாது."

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. யாரோ யாரையோ எழுப்பினார்கள். 4.50க்குப் பதில் வந்தது: கழற்றுங்கள்.

அதன் பிறகு நடந்தது வெறும் உழைப்பு. பெட்டிகளுக்கு மின்சாரம் தரும் பவர் காரை அணைத்ததும் வண்டி முழுவதும் இருண்டது. 750 வோல்ட் ஓடும் கேபிள்கள் அவை. அணைத்ததை ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் சேது அண்ணன் பெட்டிகளுக்கு நடுவில் இறங்கினார். கேபிள்கள், காற்றுக் குழாய்கள், கப்ளர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். இன்ஜின் டி-6 வரையுள்ள பாதி வண்டியை இழுத்துப் போய், டி-6ஐ மட்டும் ஓரத் தண்டவாளத்தில் விட்டுவிட்டு வந்து, மீதிப் பாதியோடு சேர்ந்தது. எழுதும்போது ஒரு வரி. இருட்டில், பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் ஆட்டிக்கொண்டு, பாயின்ட் மாறுவதற்குக் காத்துக்கொண்டு செய்யும்போது முக்கால் மணி நேரம். டி-6இன் பக்கவாட்டில், பழுதான பெட்டி என்று காட்டும் 'சிக்' அட்டையைச் சேது அண்ணன் கட்டினார்.

விடிவதற்குள் நடைமேடை நிறைந்துவிட்டது. டி-6 எங்கே என்று தேடியவர்களை டிக்கெட் பரிசோதகர் மற்ற பெட்டிகளில் செருகிக்கொண்டிருந்தார். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையன் ஒருவன் கைக்கடிகாரத்தையும் செல்வியின் சீருடையையும் மாறி மாறிப் பார்த்தான். ஓலைக் கொட்டான் இரண்டும் முறுக்குச் சம்படம் ஒன்றுமாக நின்றிருந்த ஓர் ஆச்சி நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏன் ஆத்தா, நீதான் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறாயாமே?"

"ஒரு பெட்டியில் ஸ்பிரிங் விரிசல் விட்டிருக்கிறது, ஆச்சி. அதைக் கழற்றியிருக்கிறோம்."

"அதை நேற்றே பார்த்திருக்கக் கூடாதா? ஜன்னலோரம் வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்னாலேயே என் மகன் டிக்கெட் போட்டான்."

செல்வி பரிசோதகரைப் பார்த்தாள். அவர் டி-4இல் ஜன்னலோரம் ஒன்று இருப்பதாகச் சொல்லி, சம்படத்தைத் தானே வாங்கிக்கொண்டு நடந்தார். ஆச்சி பின்னாலேயே போனார், நன்றி எதுவும் சொல்லாமல். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஜன்னலோரம் அவர் காசு கொடுத்து வாங்கியது.

கடைசியாகப் பிரேக் சோதனை. கார்டு பெட்டியின் காற்றழுத்த மானியில் முள் 5 கிலோவுக்கு ஏறி நின்றது. காற்றை அடைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். நிமிடத்துக்கு 0.2க்கு மேல் இறங்கக் கூடாது. புதிதாகச் சேர்த்த இணைப்பில் குழாய் கசிந்தால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். முள் இம்மியளவு அசைந்து நின்றுகொண்டது. பெட்டிகளின் எண்ணிக்கையைத் திருத்தி, பழைய சர்டிபிகேட்டைக் கிழித்துப் புதிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, லோகோ பைலட்டிடமும் கார்டிடமும் வாங்கிக்கொண்டாள். வண்டி கோட்டையூர் பக்கம் திரும்பி மறைந்தபோது நன்றாகவே விடிந்திருந்தது.

அலுவலகத்தில் மெமோ காத்திருந்தது. தாமதத்துக்கு ஒரு துறையின் பெயரை எழுதியே ஆக வேண்டும். எழுதாத தாமதம் ஸ்டேஷன் மாஸ்டரின் தலையில் விழும். துறை என்ற இடத்தில் செல்வியின் பிரிவு இருந்தது. கீழே இரண்டு கேள்வி: குறைபாடு முன்கூட்டியே ஏன் கண்டறியப்படவில்லை? பொறுப்பானவர் யார்?

சேது அண்ணன் தோளுக்கு மேலாகப் படித்தார். "பார்க்காமல் விட்டிருந்தால் இந்தக் காகிதமே வந்திருக்காது, தங்கச்சி."

"ஆமாம்."

"என்ன எழுதப் போகிறாய்?"

"3.40 மணிக்குக் கண்டறியப்பட்டது என்று."

"அது பதில் இல்லையே."

"கேள்வியும் சரியில்லையே, அண்ணே."

எழுதினாள். ஸ்பிரிங்கில் பொறித்திருந்த எண், பெட்டி எண், இடது வலது, முன் பின், மண்ணெண்ணெய்ச் சோதனையின் விவரம், படங்கள் இரண்டு. பொறுப்பானவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்; கண்டறிந்தவர் என்று ஓர் இடம் படிவத்தில் இல்லை. மறுபடி மேலிருந்து ஒருமுறை படித்தவள் பேனாவை மூடாமலேயே எழுந்து ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்குப் போனாள். அவர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், தாமதம் 58 நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"5.35க்குக் கிளம்ப வேண்டிய வண்டி 6.31க்குக் கிளம்பியது. 56."

அவர் பையைக் கீழே வைத்தார். பதிவேட்டைப் புரட்டி, விரலால் வரியைத் தேடிப் பிடித்து, வாய்க்குள்ளேயே கழித்துப் பார்த்தார். பிறகு மெமோவை வாங்கி, 58ஐ அடித்து 56 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். செல்வி அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.