பணித்தாள் 4: பன்னட் கட்டமும் 3:1 விகிதமும்

பட்டாணி விதையின் வடிவத்துக்கு ஒரு ஜீனை எடுத்துக்கொள்வோம். R அல்லீல் ஓங்குபண்பு, r ஒடுங்குபண்பு. RR, Rr இரண்டுமே உருண்டை விதைதான். rr இருந்தால் மட்டும் சுருங்கிய விதை. (சுருங்கிய விதையில் ஸ்டார்ச் குறைவு, சர்க்கரை அதிகம். முற்றும்போது நீரை நிறைய வைத்திருந்து, காயும்போது தோல் சுருங்கிவிடுகிறது.)

கலப்பு: Rr × Rr

கேமீட்டுகள் உருவாகும்போது ஜோடி அல்லீல்கள் பிரிகின்றன. ஆகவே ஒவ்வொரு பெற்றோரின் கேமீட்டுகளிலும் பாதி R, பாதி r. மேலே ஆண் கேமீட், இடப்பக்கம் பெண் கேமீட்:

| | R | r |
|---|---|---|
| R | RR | Rr |
| r | Rr | rr |

கட்டத்தின் தலைப்பில் ஓர் எழுத்துதான் வர வேண்டும். அங்கே Rr என்று சேர்த்து எழுதுவதுதான் ஒவ்வொரு வகுப்பிலும் நான் சிவப்பு மையில் அதிகம் சுழிக்கும் பிழை.

சரி, எண்ணுவோம். RR ஒன்று, Rr இரண்டு, rr ஒன்று: ஜீனாக்க விகிதம் 1:2:1. Rr ஏன் இரண்டு? R தந்தையிடமிருந்தும் வரலாம், தாயிடமிருந்தும் வரலாம். வழி இரண்டு, முடிவு ஒன்று. கண்ணுக்கு RR, Rr வித்தியாசம் தெரியாது என்பதால் முதல் மூன்று கட்டங்களும் ஒன்றாகச் சேர்கின்றன: புறத்தோற்ற விகிதம் 3:1.

நான்கு கட்டம் என்றால் நான்கு விதை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டமும் 1/4 வாய்ப்பு. நான்கு விதைகளை எடுத்தால் நான்கும் உருண்டையாக இருக்க வாய்ப்பு (3/4)⁴ = 81/256, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எண்ணிக்கை கூடினால்தான் விகிதம் தெளிவாகும். மெண்டல் 7324 விதைகளை எண்ணினார்: உருண்டை 5474, சுருங்கியது 1850. வகுத்தால் 2.96:1.

அப்புறம் உருண்டை விதைகளை விதைத்து 565 செடிகள் வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகளில் இரண்டு வகையும் கலந்து வந்தன. கண்ணுக்குத் தெரியாத அந்த 1:2 இங்கே வெளிப்பட்டுவிட்டது.

பயிற்சி

1. Rr × rr கலப்புக்குக் கட்டம் வரைந்து, இரு விகிதங்களையும் எழுதுக.

2. ஒரு காயை உரித்தால் ஆறு விதைகளும் உருண்டை. "பெற்றோரில் ஒன்றாவது RR ஆகத்தான் இருக்கும்" என்கிறான் ஒரு மாணவன். பெற்றோர் இரண்டும் Rr என்றால் இப்படி ஒரு காய் கிடைக்க என்ன வாய்ப்பு? கணக்கிட்டு அவனுக்குப் பதில் எழுதுக.

3. உருண்டை விதையிலிருந்து வளர்ந்த ஒரு செடியை rr செடியுடன் கலந்ததில் 40 விதைகள் கிடைத்தன, 19 சுருங்கியவை. முதல் செடியின் ஜீனாக்கம் என்ன? ஒரே ஒரு சுருங்கிய விதை கிடைத்திருந்தாலும் உங்கள் விடை அதேதானா?