பள்ளி ஆண்டு விழா: மேடைத் தொகுப்புரை

(மாலை 5.00 முதல் 7.00 வரை. அடைப்புக்குறிக்குள் உள்ளவை நம் இருவருக்கு மட்டும். ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டாம். பரிசளிப்பு எல்லாம் திரைக்கு முன்னால்தான். அந்த நேரத்தில்தான் பின்னால் அடுத்த நிகழ்ச்சிக்கு மேடை தயாராகும்.)

5.00 வாழ்த்துப் பாடல்

மாணவி: பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, அனைவருக்கும் மாலை வணக்கம். வாழ்த்துப் பாடலுடன் விழா தொடங்குகிறது. அனைவரும் எழுந்து நிற்குமாறு வேண்டுகிறோம்.

(பாடல் முடிந்ததும் "அமரலாம்" என்று சொல்ல மறக்கக் கூடாது. சொல்லாவிட்டால் பாதிப் பேர் நின்றுகொண்டே இருப்பார்கள்.)

5.05 வரவேற்புரை, ஆண்டறிக்கை

மாணவன்: உங்களை வரவேற்கப் பள்ளி மாணவர் தலைவி வருகிறார். அவரைத் தொடர்ந்து நம் தலைமையாசிரியர் ஆண்டறிக்கையை வாசிப்பார். அறிக்கையோடு திரையில் ஓடும் படங்களைக் கவனியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த மூலையிலாவது சிரித்துக்கொண்டிருக்கலாம்.

5.25 முதல் வகுப்பு நடனம்

மாணவி: அறிக்கையில் நூலகத்தைப் பற்றிக் கேட்டோம், ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டோம். இப்போது மழையைப் பற்றிக் கேட்போம். பள்ளிக்கு வந்த முதல் நாள் அழுதவர்கள் பலர். இன்று அவர்களே மேகமாகவும் தவளையாகவும் குடையாகவும் வருகிறார்கள். பெற்றோர்களே, படம் எடுக்க எழுந்து வர வேண்டாம். நடனம் முடிந்ததும் குழந்தைகள் அனைவரும் வரிசையாக நிற்பார்கள். அப்போது நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

(தவளைகள் மேடைக்கு வருவதற்குள் பாட்டு தொடங்கிவிட்டால், நிறுத்தி மறுபடி போடச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போனால் போகட்டும், குழந்தைகள் முழு நடனத்தையும் ஆட வேண்டும்.)

5.35 விளையாட்டுப் பரிசுகள்

மாணவன்: தவளைகள் தாவியதைப் பார்த்தோம். அடுத்து, மைதானத்தில் உண்மையாகவே தாவியவர்கள். நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், தொடர் ஓட்டம் ஆகியவற்றில் வென்றவர்களின் பெயர்களை உடற்கல்வி ஆசிரியர் வாசிப்பார். கடைசிப் பெயர் வரை கைதட்டலைத் தொடருங்கள். முதலில் வருபவருக்குக் கிடைக்கும் ஓசை கடைசியில் வருபவருக்கும் கிடைக்கட்டும்.

(திரைக்குப் பின் வில்லும் குடமும் வைத்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்ட பிறகே அடுத்த அறிவிப்பு.)

5.50 வில்லுப்பாட்டு

மாணவி: ஓடிய கால்களுக்குப் பரிசு கொடுத்தோம். இனி உட்கார்ந்தே ஊரைக் கட்டிப்போடுபவர்களைச் சந்திக்கலாம். நடுவில் வில், பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் தாங்களே எழுதிய ஏரியின் கதையைப் பாடப் போகிறார்கள். ஏரி எப்படி வற்றியது, யார் தூர் வாரினார்கள் என்பதை அவர்கள் சொல்லட்டும். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர்கள் "ஆமாம்" போடுவது வழக்கம். இன்று அந்த வேலை உங்களுக்கும் உண்டு. எங்கே, ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: ஆமாம்!

6.05 சிறப்புரை

மாணவன்: ஏரியைக் காப்பாற்றிய கதையைக் கேட்டோம். உயிர்களைக் காப்பாற்றுவதையே பணியாகக் கொண்ட ஒருவர் நம்மோடு இருக்கிறார். இதே பள்ளியில் படித்து, இன்று குழந்தைகள் நல மருத்துவராக இருப்பவர். மருத்துவர் அம்மையார் அவர்களைச் சிறப்புரையாற்ற அன்புடன் அழைக்கிறேன்.

(அறிமுகம் இவ்வளவுதான். விருதுகளையும் பட்டங்களையும் அடுக்கினால் அவர் பேசும் நேரம் குறையும். உரை முடிந்ததும் அவர் சொன்னவற்றில் ஒரு கருத்தை மட்டும் எடுத்துச் சொல்லி நன்றி கூறுங்கள். அதை முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது, கவனித்துக் கேளுங்கள்.)

6.20 கல்விப் பரிசுகள்

மாணவி: வகுப்புவாரியாகப் பரிசுகளை மருத்துவர் அம்மையார் வழங்குவார். பெயர்களை வகுப்பாசிரியர்கள் வாசிப்பார்கள். பரிசு பெறுபவர்கள் இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மாணவன்: மதிப்பெண்ணுக்கான பரிசுகள் முடிந்தன. இன்னொன்று இருக்கிறது. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு மிகுதியாக முன்னேறியவர்களுக்கான பரிசு. முதலிடம் பெறாதவர்களும் இதில் உண்டு. வீட்டில் விளக்கை அணைக்காமல் படித்த இரவுகள் அவர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எழுந்து நின்று கைதட்டலாம்.

6.40 மௌன நாடகம்

மாணவி: இவ்வளவு நேரம் நிறையப் பேசிவிட்டோம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒரு சொல்கூடப் பேசப் போவதில்லை. கைபேசிகளை அமைதி நிலையில் வையுங்கள். விளக்குகள் அணைகின்றன.

(நாடகம் முடிந்த உடனே பேச வேண்டாம். கைதட்டல் ஓயட்டும்.)

6.53 நன்றியுரை, நாட்டுப்பண்

மாணவன்: மேடையில் தெரிந்தவர்களுக்கும், திரையை இழுத்தவர்கள், ஒலி ஒளி அமைத்தவர்கள், உடை தைத்த பெற்றோர்கள் ஆகியோருக்கும் நன்றி கூறத் துணைத் தலைமையாசிரியரை அழைக்கிறேன். அதைத் தொடர்ந்து நாட்டுப்பண்.

மாணவி: பெற்றோர்களே, முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அவர்களின் வகுப்பறையில்தான் ஒப்படைப்போம். மேடைப் பக்கம் வராமல் நேராக அங்கே செல்லுங்கள். ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள்.