மயில்கழுத்து நிறச் சட்டை

தன் திருமணத்திற்கு இருபத்திரண்டு நாள்கள் இருந்தபோது, மாமா பட்டுத்துணி இரண்டே கால் மீட்டர் வாங்கி வந்து தாத்தாவின் கட்டிங் மேசை மேல் வைத்தார். நீலப் பாவும் பச்சை ஊடும் சேர்ந்து நெய்த மயில்கழுத்து நிறம் அது. மதுரைப் புதுமண்டபத்தின் கல்தூண்களுக்கு இடையே நாற்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தை மிதித்துவிட்டு, அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டபோது தாமும் இடம்பெயர்ந்தவர் என் தாத்தா. துணியை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தவர், "நல்ல துணி, ஆனால் ஒரு முறை வெட்டிவிட்டால் வெட்டியதுதான்" என்றார்.

மாமாவுக்கோ காலரில் முடிவு வரவில்லை. வழக்கமான காலரா, கழுத்தை ஒட்டி நிற்கும் சைனீஸ் காலரா என்று இரண்டு நாள்களாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு. பெண் பார்த்து, தட்டிப்போய், மறுபடி பார்த்து அலுத்துப்போன பிறகு கூடிவந்த கல்யாணம் என்பதால், ஒரு பொத்தான் விஷயத்தில்கூட அவருக்குப் பயம் இருந்தது. நான் அவரை பனியனோடு நிற்கவைத்துப் படம் எடுத்தேன். துணியையும் தனியே படம் எடுத்து, கைப்பேசியில் இருந்த படம் உருவாக்கும் செயலியில் இரண்டையும் ஏற்றி, இந்தத் துணியில் முழுக்கைச் சட்டையும் பட்டு வேட்டியும் அணிந்தவராக இவரைக் காட்டு என்று எழுதினேன். முதலில் வந்த படத்தில் துணி வெறும் பச்சையாக இருந்தது. அடுத்ததில் வெறும் நீலமாக மாறியது. நிற்கும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும் துணியை அசையாத ஒரு படத்துக்குள் கொண்டுவர முடியவில்லை. ஆனால் காலர் விஷயத்தில் ஐயமே எழவில்லை. சைனீஸ் காலரில் மாமாவின் கழுத்து நீண்டு, முகம் நிமிர்ந்து, அவர் மாப்பிள்ளையாகத் தெரிந்தார். மாமா கைப்பேசியை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "காலர் சரி. இதையே வைத்துவிடலாம்" என்று உடனே ஒப்புக்கொண்டது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு படத்தின் மேல் விரலை வைத்து, "இந்தத் தோள் இவனுடையது இல்லை" என்றார்.

பனியனோடு எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மாமாவின் இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருந்தது. செயலி அதைச் சமமாக்கிவிட்டது. இடது தோள் சற்றே இறங்கியிருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டபோது, நோயாளியைப் போல ஒரு பக்கம் சாய்ந்த மனிதரைக் காட்டியது. நான் பிறந்ததிலிருந்து மாமாவைப் பார்க்கிறேன். சட்டை போட்ட மாமாவிடம் அந்தத் தாழ்வை ஒரு நாளும் கண்டதில்லை. ஏனென்றால் அவர் அணிந்த சட்டை எல்லாம் தாத்தா தைத்தது.

மாமா தேநீர் வாங்கப் போனதும், எந்திரத்தைத் துடைத்தபடியே தாத்தா சொன்னார். பதினோரு வயதில் மாமா வேப்பமரத்திலிருந்து விழுந்தது தீபாவளிக்கு முந்தைய வாரம். கடையில் துணி மலைபோல் குவிந்து கிடந்ததால், வெறும் வீக்கம் என்று எண்ணெய் தடவிவிட்டுத் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது காறை எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. கூடிய எலும்பு நேராகக் கூடவில்லை.

"இறக்கம் முழுவதற்கும் கேன்வாஸ் வைத்து நிரப்பக் கூடாது. தாலி கட்டக் கையைத் தூக்குகிறபோது சட்டை மட்டும் தனியாக எழும்பி நிற்கும். பாதியை உள்ளே வைத்து நிரப்ப வேண்டும், மீதியை வெட்டிலேயே இறக்கிவிட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே துணியை விரித்தார். பட்டு வழுக்கும் என்பதால் ஓரங்களில் குண்டூசி குத்தி, சாக்குக்கட்டியால் இடது பக்கத்துக்கு ஒரு கோடும் வலது பக்கத்துக்கு வேறொரு கோடுமாக இழுத்தார். அந்த மெல்லிய இரண்டாவது கோட்டை இத்தனை ஆண்டுகள் நான் பார்த்ததே இல்லை என்பது நினைக்கையில் வருத்தமாக இருந்தது.

அளவு நோட்டில் மாமாவின் பக்கத்தைப் புரட்டினேன். உயரம், மார்பு, கை, காலர் எல்லாம் இருந்தன. தோள் என்ற இடத்தில் பதினெட்டு என்ற ஓர் எண் மட்டுமே எழுதியிருந்தது. கடையில் வேலை செய்தவர்கள் கண்ணில் படக் கூடாது என்று அவர் எழுதாமல் விட்டாரா, எழுதக் கை வரவில்லையா என்று நான் கேட்கவில்லை.

மாமா தூக்குப் பாத்திரத்தோடு திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். தாத்தா கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டாமல் மறுபடி கீழே வைத்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"எழுது" என்றார், மாமாவின் காதில் விழும்படியாகவே. "இடது தோள், அரை அங்குலம் இறக்கம்."