சர்வர் பயிற்சித் தேர்வு: ஒவ்வாமை உள்ள விருந்தினர் (திருத்துபவருக்கான விடைகளுடன்)

கிளை: டர்பன், சாட்ஸ்வொர்த். நேரம் 40 நிமிடம். மொத்தம் 30 மதிப்பெண், தேர்ச்சிக்கு 24. கேள்வி 4இல் 7க்குக் கீழே போனால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தனியாக மேசை பார்க்க அனுமதியில்லை. மெனுவையும் பொருட்கள் ஃபைலையும் திறந்து வைத்து எழுதலாம். மேசையிலும் நினைவை நம்பிப் பதில் சொல்லக் கூடாது.

1. பாக்கெட் உணவுக்கான தென்னாப்பிரிக்க லேபிள் விதி R146 பெயர் சொல்லும் பொதுவான ஒவ்வாமைப் பொருட்கள் எவை? நம் சமையலில் தினமும் சேர்ந்தும் அதில் வராத இரண்டைச் சொல்லவும். (3)

விடை: முட்டை, பசும்பால், மீன், இறால்–நண்டு–சிப்பி வகை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற மரக்கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள். வராதவை எள், கடுகு. விருந்தினர் கடுகு என்றால் "அது லிஸ்ட்லயே இல்லையே" என்று சொல்பவருக்கு இந்தக் கேள்வியில் பூஜ்யம்.

2. பெயரைப் பார்த்துத் தெரியாதபடி ஒவ்வாமைப் பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது: கூட்டுப் பெருங்காயத் தூள், குருமா, வூஸ்டர் சாஸ், பன்னி சோவ் ரொட்டி. (4)

விடை: பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு; சாம்பார், ரசம் இரண்டுக்கும் இது பொருந்தும். குருமாவில் முந்திரி விழுது. வூஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன். ரொட்டியில் கோதுமை, பல பேக்கரிகளில் சோயா மாவும். பேக்கரி மாறினால் லேபிளை மறுபடி படிக்க வேண்டும்.

3. பழைய மெனுவில் "எங்கள் உணவு கொட்டைகள் இல்லாதது" என்று இருக்கிறது. ஏன் தவறு? திருத்தி எழுதவும். (4)

விடை: குருமா இருக்கும் அடுக்களையில் அது பொய், நம்பிச் சாப்பிடுபவருக்கு ஆபத்து. உணவின் கீழே "முந்திரி, பால் உள்ளது" என்று பெயரோடு வர வேண்டும். பக்கத்தின் அடியில்: "ஒவ்வாமை இருந்தால் ஆர்டர் கொடுக்கும் முன் சர்வரிடம் சொல்லுங்கள். கோதுமை, பால், முட்டை, மீன், இறால், சோயா, கடலை, கொட்டைகள், எள், கடுகு ஆகியவற்றை ஒரே அடுக்களையில் கையாளுகிறோம். எந்த உணவிலும் கலப்பே இருக்காது என்று உறுதி தர இயலாது."

4. வெள்ளி இரவு 7.40, ஹால் நிறைந்திருக்கிறது. மேசை 12, மூன்றாம் இருக்கையில் ஒன்பது வயதுப் பையன். அம்மா: "இவனுக்கு நட்ஸ் அலர்ஜி. கால் சிக்கன் பன்னியும் வடையும் வேணும்." பில் போடும் வரை என்ன செய்வீர்கள்? (10)

விடை: முதலில் கேள்வி. "மேடம், நிலக்கடலையா, முந்திரி பாதாம் வகையா, ரெண்டுமா? கொஞ்சம் பட்டாலும் ஆகாதா? மருந்து ஊசி கையில இருக்கா?" (3) "நட்ஸ்" என்று மட்டும் எழுதினால் மாஸ்டர் முந்திரியை விட்டுவிட்டுக் கடலையைச் சேர்க்கக்கூடும்.

அம்மா "ரெண்டும்தான்" என்கிறார். ஃபைலைப் பார்த்துவிட்டு, மாஸ்டரிடம் நேரில் கேட்க வேண்டும். (2) வடை வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிட வேண்டும்: அதே எண்ணெயில் முந்திரி பக்கோடா பொரிகிறது, சூட்டில் அந்தப் புரதம் நம்பும்படி அழியாது. (1) மசாலாவிலும் ரொட்டியின் லேபிளிலும் கொட்டை, கடலை இல்லை என்று பார்த்தால்தான் பன்னிக்குச் சம்மதம். மெஷினில்:

```
T12 S3 1 QTR CHICKEN BUNNY
*** ALLERGY: PEANUT + ALL NUTS ***
CLEAN PAN, CLEAN LADLE
```

சீட்டு போனதோடு வேலை முடியவில்லை. மாஸ்டர் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். (2) கறியைக் குருமாவுக்குப் போட்ட கரண்டி தொடக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் கடலைப் புரதத்தை நீக்காது. பையனின் தட்டு தனியாக, மற்ற தட்டுகளோடு அடுக்காமல், ஆர்டர் எடுத்தவர் கையாலேயே போக வேண்டும். வைக்கும்போது: "இது தம்பிக்கு, கடலை, முந்திரி எதுவும் சேர்க்காதது." (2)

5. தட்டு முந்திரி தூவி வந்துவிட்டது. அடுக்களையில் "எடுத்துட்டுக் குடு" என்கிறார்கள். (3)

விடை: கூடாது, துகள் கறியிலேயே தங்கியிருக்கும். புதிய பாத்திரத்தில் முதலிலிருந்து செய்ய வேண்டும். புதியது மேசைக்குப் போகும் வரை பழைய தட்டைத் தன்னிடமே வைத்திருங்கள்; அடுக்களைக்குத் திரும்பினால் முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டு மறுபடி வரும். தாமதத்தை மேசையில் காரணத்தோடு சொல்லுங்கள்.

6. சாப்பிட்ட பையனுக்கு உதடு வீங்குகிறது, குரல் கம்முகிறது. (6)

விடை: அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே தொடையின் வெளிப்பக்கத்தில், அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. (2) இன்னொருவர் 10177 அல்லது கைபேசியிலிருந்து 112 அழைத்து "அனாபிலாக்சிஸ்" என்று சொல்ல வேண்டும். (2) பையனைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடக் கூடாது. (1) தட்டையும் கே.ஓ.டி. சீட்டையும் கழுவாமல், கிழிக்காமல் எடுத்து வையுங்கள். (1)