24.06.2025 காலை 11 மணி அழைப்பைத் தவறவிட்டதற்கு மன்னிப்பும் இரண்டு மாற்று நேரங்களும்

பெறுநர்: ஆள்சேர்ப்பு மேலாளர் அவர்கள்
பொருள்: தர உறுதிப் பிரிவு துணை மேலாளர் பணி – இன்றைய தொலைபேசி நேர்காணலுக்கு வராதது குறித்து

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம்.

இன்று, ஜூன் 24 செவ்வாய்க்கிழமை, காலை 11 மணிக்குத் தாங்கள் ஏற்பாடு செய்திருந்த தொலைபேசி நேர்காணலில் நான் கலந்துகொள்ளவில்லை. வர இயலாது என்று முன்கூட்டியே தெரிவிக்கவும் இல்லை. இதற்காகத் தங்களிடம் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

12.40 மணிக்கு என் கைபேசியைக் கையில் எடுத்தபோது 11.00, 11.04, 11.12 என்று தங்களுடைய மூன்று தவறிய அழைப்புகளும், "இணைப்பில் இருக்கிறீர்களா? சார் காத்திருக்கிறார்" என்ற குறுஞ்செய்தியும் திரையில் இருந்தன. அந்தக் குறுஞ்செய்தியைப் படித்தபோதுதான், ஒருவருடைய நேரத்தை அல்ல, இருவருடைய நேரத்தை வீணாக்கியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. தங்கள் நிறுவனத்தின் தரத்துறைத் தலைவரும் அழைப்பில் சேர்வார் என்று சென்ற வெள்ளிக்கிழமையே தாங்கள் தெரிவித்திருந்தீர்கள். தொழிற்சாலையை நடத்திக்கொண்டிருக்கும் ஒருவரை எனக்காக உட்கார வைத்துவிட்டு, நான் ஏன் வரவில்லை என்று அவருக்குப் பதில் சொல்லும் நிலைக்குத் தங்களை ஆளாக்கியது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. தவறு முழுக்க விண்ணப்பதாரருடையது என்பதை அவரிடம் தெளிவாகவே சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் விரும்பினால் இந்தக் கடிதத்தையும் அவருக்கு அனுப்பலாம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் எனக்குக் காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான முதல் ஷிப்ட். 11 மணிக்கு அரை மணி நேரம் அனுமதி பெற்றிருந்தேன். 10.30 மணிக்கு நிரப்பும் பகுதியில் ஒரு பழுது என்று அழைத்ததால், பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று எண்ணி உள்ளே போனேன். அந்தப் பகுதிக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை. உள்ளே போகும் முன் தங்களுக்கு ஒரு வரி அனுப்ப எனக்கு நேரம் இருந்தது, நான் அனுப்பவில்லை. அதற்கும் முன்பாக, வேலை நேரத்துக்குள் விழும் ஒரு நேரத்தை நான் ஒப்புக்கொண்டிருக்கவே கூடாது. தாங்கள் நேரம் கேட்டபோதே இதை யோசித்துச் சொல்லியிருக்க வேண்டியது நான்தான்.

12.40க்குத் தங்களைத் திரும்ப அழைத்தேன். அழைப்பு எடுக்கப்படவில்லை. வேறு நேர்காணலில் இருக்கக்கூடும் என்று கருதி மீண்டும் மீண்டும் அழைத்துத் தொந்தரவு செய்யாமல், ஒரு குறுஞ்செய்தியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்து வீடு வந்ததும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இன்னொரு வாய்ப்பு தர இயலுமானால், கீழ்க்கண்ட இரண்டு நேரங்களில் தங்களுக்கும் தரத்துறைத் தலைவருக்கும் ஒத்துவருவதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

முதலாவது: ஜூன் 26, வியாழக்கிழமை, மாலை 4.00 மணி.
இரண்டாவது: ஜூன் 28, சனிக்கிழமை, காலை 10.00 மணி.

வியாழக்கிழமை 2 மணிக்கு என் ஷிப்ட் முடிகிறது. அடுத்த ஷிப்டுக்கு வரும் சக ஊழியரிடம், அன்று 1.45க்கே வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்படி இப்போதே பேசி, அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். 3 மணிக்குள் வீட்டில் இருப்பேன். சனிக்கிழமை எனக்கு வார விடுமுறை என்பதால் அன்று ஆலைப் பக்கமே போக வேண்டியதில்லை. இரண்டில் எது உறுதியானது என்று கேட்டால் சனிக்கிழமையைத்தான் சொல்வேன்; ஆனால் இந்தப் பணியிடத்தை விரைவில் நிரப்ப வேண்டும் என்று தாங்கள் கூறியிருந்ததால் வியாழக்கிழமையை முதலில் வைத்தேன். எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்தை அடுத்த சிற்றூர். வீட்டுக்குள் சில வேளை சிக்னல் விட்டுவிட்டு வரும். ஆகையால் இரண்டு நாட்களிலுமே காவேரிப்பட்டணம் ஊருக்குள் இருக்கும் என் அக்கா வீட்டு மாடி அறையில் இருந்து பேசுவேன். தாங்கள் அனுப்பிய கூட்ட இணைப்பு இன்று மாலையே அங்கு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். அழைப்புக்கு அரை மணி நேரம் முன்னதாக, தயாராக இருக்கிறேன் என்று தங்களுக்கு ஒரு செய்தியும் அனுப்புவேன்.

இந்த அழைப்பில் நான்கு விஷயங்களைக் கேட்டறிய வேண்டும் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். இன்று வீணான நேரத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தர வேண்டும் என்பதால், எழுத்தில் சொல்லக்கூடியவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த அழைப்பில் தரத்துறைத் தலைவர் தொழில்நுட்பக் கேள்விகளுக்கு நேராகப் போய்விடலாம்.

பணியில் சேரும் நாள்: என் பணி ஒப்பந்தப்படி 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிப் பகுதி மாங்கூழ் ஆலைகளுக்கு ஆண்டு முழுவதற்குமான வேலை இந்தச் சில வாரங்களில்தான் நடக்கிறது. பெங்களூரா என்று நாங்கள் சொல்லும் தோத்தாபுரி லாரி லாரியாக வந்து இறங்குவது ஜூனிலும் ஜூலையிலும்தான். நடு சீசனில் ஆய்வகத்தைக் கைவிட்டு வருவது முறையாகாது. தேர்வானால் ஜூலை தொடக்கத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து, சீசனை முடித்துக்கொடுத்துவிட்டு, ஆகஸ்ட் முதல் வாரத்தில் சேர இயலும்.

ஓசூரில் பணிபுரிவது: எனக்கு எந்தத் தடையும் இல்லை. காவேரிப்பட்டணத்திலிருந்து நாள்தோறும் போய்வரும் எண்ணமும் இல்லை. சேலம் – பெங்களூரு நெடுஞ்சாலையில் பேருந்துக்குக் குறைவில்லை என்றாலும், அறுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து காலை ஷிப்டை நம்பிக்கையாகப் பிடிக்க முடியாது. ஓசூரிலேயே வீடு பார்த்துக்கொள்வேன். வீட்டாருடனும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

ஊதியம்: விண்ணப்பத்தில் குறிப்பிட்ட தொகையே. அதில் மாற்றமில்லை.

நான்காவதாகத் தாங்கள் கேட்டிருந்த பணி அனுபவம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தரத்துறைத் தலைவர் காத்திருந்தது இதைக் கேட்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆறு ஆண்டுகளாக மாங்கூழ் ஆலையின் தரப் பிரிவில் இருக்கிறேன். அதில் கடைசி இரண்டு ஆண்டுகள் ஷிப்ட் பொறுப்பாளர். பழம் வாசலில் இறங்குவது முதல், கிருமிநீக்கிய பையில் அடைத்துப் பீப்பாய் மூடப்படும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரி எடுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. கூழின் பிரிக்ஸ், அமிலத்தன்மை, பி.எச். அளவு, கரும்புள்ளி, நிறம் ஆகியவற்றை நேரம் தவறாமல் பதிவு செய்கிறோம். அடர்கூழ் என்றால் 28 பிரிக்ஸ் வர வேண்டும். அந்த எண்ணுக்காக மட்டும் பார்த்துக்கொண்டு நிறத்தைக் கோட்டைவிட்டால் சரக்கு திரும்பி வரும் என்பதை வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டேன்.

பழுக்க வைக்கும் அறைகளும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. சட்டம் இவ்வளவுதான் சொல்கிறது. ஆனால் வாசலில் நிற்கும் லாரியில் வெளியே பழுக்க வைத்த காய் கலந்திருக்கிறதா என்று கண்டறிவதற்குப் பழகிய கண்ணும் மூக்கும் வேண்டும். மேலே தங்க மஞ்சளாக, அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெளுத்து, வாசனையே இல்லாத பழம் கூடையில் இரண்டு இருந்தாலும் அந்த லாட்டைத் தனியே நிறுத்திவிடுவேன். கொண்டுவந்தவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை. எந்தப் பீப்பாயில் எந்த நாளில் எந்த மண்டியில் இருந்து வந்த பழம் போயிருக்கிறது என்பதைப் பதிவேட்டில் இருந்து பின்னோக்கிக் கண்டுபிடிக்கும் முறையைச் சென்ற ஆண்டு எங்கள் ஷிப்டில் நான் ஒழுங்குபடுத்தினேன். தங்கள் ஆலையில் மாங்கூழோடு கொய்யா, தக்காளியும் பதப்படுத்தப்படுவதால் இந்தப் பகுதியைப் பற்றித் தரத்துறைத் தலைவரிடம் விரிவாகப் பேச ஆவலாக இருந்தேன். தக்காளி வரிசையில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பட்டச் சான்றிதழ், உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சிச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை அழைப்புக்குப் பின் அனுப்பலாம் என்று தாங்கள் சொல்லியிருந்தீர்கள். காத்திருக்காமல் இத்துடனேயே இணைத்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: நான் வேலை தேடுவது என் தற்போதைய ஆலையில் இன்னும் யாருக்கும் தெரியாது, ஆகவே அங்கே விசாரிப்பதைத் தேர்வு உறுதியான பிறகு வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இன்றைய நிகழ்வுக்குப் பின் வேறொருவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பத் தாங்கள் முடிவு செய்திருந்தால் அதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு வரி மட்டும் தெரிவித்தால் போதும். அக்கா வீட்டு ஏற்பாட்டையும் ஷிப்ட் மாற்றத்தையும் விலக்கிக்கொள்வேன். வாய்ப்பு இருக்குமானால், நாளை மாலைக்குள் வியாழனா சனியா என்று தெரிவியுங்கள். தங்களிடம் உள்ள அதே கைபேசி எண்ணில் பிற்பகல் 3 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்; காலை வேளையில் என்றால் குறுஞ்செய்தி அனுப்புங்கள், வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பதில் அளிப்பேன்.

தங்களுக்கும் தரத்துறைத் தலைவருக்கும் ஏற்பட்ட சிரமத்துக்கு மீண்டும் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. வெண்ணிலா
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்
24.06.2025, பிற்பகல் 3.30 மணி

இணைப்பு: பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், மூன்று மாதச் சம்பளச் சீட்டு