ஆறாவது குழி

மூன்று வாரமாக, டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒன்றுமே தெரியவில்லை. புறஊதா விளக்கைப் போட்டால் அளவுகோல் டிஎன்ஏ மட்டும் ஏணிப்படி மாதிரி ஆரஞ்சு நிறத்தில் மின்னும். அதற்குப் பக்கத்தில், என் மாதிரியை ஊற்றிய குழிக்குக் கீழே வெறும் இருட்டு.

நீலகிரியில் ஒரு சோலைக்காட்டின் ஓரத்திலிருந்து எடுத்து வந்த மண் அது. கையில் எடுத்தால் காபித்தூள் போலக் கறுப்பாக, ஈரமாக இருக்கும். அதிலிருக்கும் பாக்டீரியாக்களின் டிஎன்ஏவைப் பிரித்து, எந்த பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவை, டிஎன்ஏவைப் பல மடங்கு படியெடுக்கும் பிசிஆரில் பெருக்க வேண்டும். ஜெல்லில் ஏறத்தாழ 1500 கார இணை நீளத்தைக் காட்டும் இடத்தில் ஒரே ஒரு கோடு, ஒரு பேண்ட், வந்தால் போதும். என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டின் முதல் படியே அதுதான்.

நானும் எதையெதையோ மாற்றிப் பார்த்தேன். படியெடுப்பைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை 55 டிகிரியிலிருந்து 52-க்கு இறக்கினேன், 58-க்கு ஏற்றினேன். டிஎன்ஏவைப் படியெடுக்கும் டாக் என்சைமுக்குத் தேவையான மெக்னீசியத்தைக் கூட்டினேன். சுழற்சியை 30-இலிருந்து 35 ஆக்கினேன். பிரைமரே கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாக வாங்கித் தரச் சொல்லி மேடத்திடம் போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் அதே இருட்டுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. இரவு லேபில் இருக்க வார்டனிடம் கடிதம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஏழரை மணிக்குக் கிளம்பப் பையை எடுத்த கவிதா அக்கா, என் நோட்டில் ஒட்டியிருந்த ஜெல் படங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல கன்ட்ரோல் எங்கே?" முடிவு என்னவென்று முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரியைத்தான் கேட்டார்.

"போடலைக்கா. டாக் என்சைம் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. முதல்ல மாதிரி வந்துடட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு..."

அக்கா திட்டவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இந்த ஜெல்லைக் காட்டி நான் கேக்கறேன். என்சைம் செத்துப்போச்சா? பிரைமர் தப்பா? டிஎன்ஏவே வரலையா? மெஷின் சரியா சூடாகலையா? இதுல எதுன்னு சொல்லு பாப்போம்."

வாயைத் திறந்தேன், சொல்ல ஒன்றும் வரவில்லை. இருபத்தோரு நாளாக நான் ஊற்றியதெல்லாம் ஓட்டைப் பானையில்.

அக்கா என் நோட்டில் நான்கு வட்டம் போட்டார். ஒன்றில் என் மண் டிஎன்ஏ. இரண்டில் ஈ. கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏ, லேபில் எல்லோருக்கும் வேலை செய்வது. மூன்றில் மண் டிஎன்ஏவும் ஈ. கோலையும் சேர்த்து. நான்கில் வெறும் தண்ணீர். "மூணாவதைக் கவனி" என்றார். தண்ணீரையும் மண்ணையும் மூடிவிட்டு, ஈ. கோலையைக் கடைசியில் திற என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டேகால் மணி நேர ஓட்டம். நடுவில் செக்யூரிட்டி அண்ணன் வந்து, "இன்னும் போகலையாம்மா?" என்று கேட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து பாதி டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு ஜெல்லைப் பார்த்தேன்.

ஈ. கோலை பளிச்சென்று வந்திருந்தது. ஆக, என்சைம், பிரைமர், மெஷின் எல்லாமே சரி. தண்ணீரில் ஒன்றுமில்லை; அதுவும் சரி. மண்ணில் வழக்கம்போல இருட்டு. மூன்றாவதைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் குழியில் அவ்வளவு பிரகாசமாக வந்த அதே ஈ. கோலை, என் மண்ணோடு சேர்ந்ததும் காணாமல் போயிருந்தது.

அப்படியென்றால் என் டிஎன்ஏவே வரவில்லை என்று சொல்ல முடியாது. அதோடு வந்த ஏதோ ஒன்று வேலையைக் கெடுக்கிறது.

ஃப்ரீசரைத் திறந்து என் ட்யூபை எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்தேன். அடியில் 40 மைக்ரோலிட்டர்தான் இருந்தது. ஆறிப்போன வரக்காபி நிறம். மூன்று வாரமாகத் தினமும் கையில் எடுத்த ட்யூப். சுத்தமான டிஎன்ஏ கரைசலுக்கு நிறமே கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பழுப்பு என் கண்ணில் படவில்லை. மட்கிய இலைதழைகளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் அது. டாக் என்சைம், 1969-இல் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் உலகுக்கு எடுத்துச் சொன்ன வெந்நீர் ஊற்று பாக்டீரியாவிலிருந்து வந்தது. 95 டிகிரியைத் தாங்கும் அந்த என்சைமை இலைமட்கின் சாறு முடக்கிப் போட்டுவிட்டது.

அமிலம் கெடுக்கிறது என்றால், தண்ணீர் விட்டு அதன் வீரியத்தைக் குறைக்கலாம். டிஎன்ஏவும் குறையும்தான், ஆனால் பிசிஆருக்குக் கொஞ்சம் இருந்தாலே போதும். பத்து மடங்கு, ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று மூன்றாக நீர்த்தேன். கூடவே ஈ. கோலை, கடைசியாகத் தண்ணீர். பன்னிரண்டு மணிக்கு மெஷினில் வைத்தேன். கை பரபரவென்று ஓடியது.

மூன்று மணிக்கு ஜெல். முதல் குழியில் அளவுகோல். பத்து மடங்கில் மங்கலாக ஒரு கோடு. ஐம்பதில் தடியாக, அழகாக, சரியாக 1500 இடத்தில்! ஆளில்லாத லேபில் வாய்விட்டுக் கத்திவிட்டேன். ஃபோனை எடுத்துப் படம் பிடித்தேன். அக்காவுக்கு அனுப்பப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் ஆறாவது குழி கண்ணில் பட்டது.

தண்ணீரிலும் ஒரு கோடு. புகை மாதிரி மெல்லியது, அதே 1500-இல்.

வலது ஓரத்தில் இருந்த குழி அது. படத்தை ஒரு விரல் அகலம் வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. விரல் திரையிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

தண்ணீரில் பேண்ட் வந்தால், தண்ணீருக்குள் டிஎன்ஏ புகுந்திருக்கிறது. மண்ணை நீர்க்க நான் எடுத்ததும் அதே ட்யூப் தண்ணீரைத்தான். அப்போது ஐம்பது மடங்கில் மின்னுவது நீலகிரி மண்ணா, ஈ. கோலையா? எனக்கே தெரியாது. பரபரப்பில் ஈ. கோலையை முன்னாலேயே திறந்துவிட்டேன். பிப்பெட் முனையில் மாட்டும் டிப்பை மாற்றினேனா என்று யோசித்தேன். மாற்றியதாக நினைவில்லை.

படத்தை அனுப்பவில்லை. நோட்டில் முழு ஜெல்லையும் ஒட்டி, ஆறாவதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மேசையை ப்ளீச் போட்டுத் துடைத்தேன். பிப்பெட்டுகளையும் துடைத்தேன். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு உடைக்காத புதுப் பாட்டிலை எடுத்தேன். புது டிப் பெட்டி, புதுக் கையுறை. மண்ணை மறுபடி நீர்த்தேன். ஒவ்வொரு துளிக்கும் ஒரு டிப். தண்ணீர் ட்யூபை மூடிய பிறகு, ஈ. கோலையை எதிர் மேசைக்குக் கொண்டுபோய், கடைசியாக, வேறு பிப்பெட்டில் சேர்த்தேன். மெஷினை மூடும்போது மூன்றே முக்கால். என்சைம் குழாயில் இன்னும் இரண்டு வினைக்குத்தான் மிச்சம்.

தூங்கவில்லை. ஆறு மணிக்கு மெஷின் நின்றது. ஜெல் ஓடும் நாற்பது நிமிடமும், நீலச்சாயம் எறும்பு ஊர்வது போல நகர்வதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே கேன்டீனில் பால் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

விளக்கைப் போடுமுன் இடது கையால் ஜெல்லின் முதல் ஐந்து குழிகள் இருக்கும் பக்கத்தை அட்டையால் மறைத்துக்கொண்டேன். ஸ்விட்சைத் தட்டினேன். ஆறாவதை மட்டும் பார்த்தேன்.

சுத்தமான இருட்டு. மறுபடியும் குனிந்து, மூச்சு கண்ணாடியில் படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அப்புறம்தான் அட்டையை எடுத்தேன்.