பழைய தீர்ப்பைக் கட்டிக்கிட்டு இருந்தா நீதி கெடைக்காதுங்க

நடுவர் அய்யாவுக்கும், எதிரணிக்கும், கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்னு பல பக்கமிருந்து வந்திருக்கற சட்ட மாணவர் எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

முன்னாடி கோர்ட்டு சொன்ன தீர்ப்ப, அதாவது முன்தீர்ப்ப, பின்னாடி வர்ற கேஸ்லயும் அப்படியே பின்பத்துனாத்தான் சட்டத்துல உறுதி இருக்கும்னு எதிரணி சொல்றாங்க. முன்தீர்ப்பே வேண்டாம்னு நாங்க சொல்லலீங்க. ஒரு பத்திரத்த நம்பி காடு வாங்கறவனுக்கு நாளைக்கு கோர்ட்டு என்ன சொல்லும்னு தெரிஞ்சிருக்கோணும், அத ஒத்துக்கறோம். தப்புன்னு கண்ணுக்குத் தெரிஞ்ச பொறகும் அத அப்படியே புடிச்சுக்கிட்டு நிக்கறதத்தான் எதிர்க்கறோம்.

நம்மூரு விஷயமே எடுத்துக்குவோமுங்க. கொங்கு பக்கம் அருந்ததியர் சனம் எவ்வளவு பேர் இருக்காங்கன்னு இங்க எல்லாத்துக்கும் தெரியும். 2004ல சின்னையா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு ஜட்ஜுங்க, பட்டியல் சாதிக்குள்ள உள்ஒதுக்கீடு கூடாதுன்னுட்டாங்க. அந்தத் தீர்ப்ப வச்சே 2010ல பஞ்சாப் சட்டத்துல உள்ஒதுக்கீடு கொடுத்த பிரிவ அங்கத்த ஹைகோர்ட்டு ரத்து பண்ணுச்சு, சுப்ரீம் கோர்ட்டு சொன்னது எல்லா கோர்ட்டையும் கட்டுப்படுத்தும்ங்கற அரசியல் சட்டம் 141படி ஹைகோர்ட்டுக்கு வேற வழியும் இல்லீங்க. நம்ம தமிழ்நாடு 2009ல அருந்ததியருக்கு 3 சதவீதம் கொடுத்துச்சே, அதுக்கு மேலயும் இதே கத்திதான் தொங்குச்சு.

இப்ப கவனிங்க, 2020ல இன்னொரு அஞ்சு ஜட்ஜ் பெஞ்சு, சின்னையா தீர்ப்ப மறுபடி பாக்கோணும்னு சொல்லுது, ஆனா அவங்களால மாத்த முடியல, ஏன்னா அதுவும் அஞ்சு பேர் சொன்னது, ஏழு பேர் பெஞ்சு வரட்டும்னு அனுப்பிட்டாங்க, உள்ஒதுக்கீடு செல்லும்னு அந்த ஏழு பேர் தீர்ப்பு வந்தது 2024 ஆகஸ்ட்ல. மொத்தம் இருவது வருஷமுங்க. அதுக்குள்ள காலேஜ் சீட்டு கேட்ட பையன் வயசு தாண்டி எங்கியோ கூலிக்குப் போயிருப்பான், அவனுக்கு யாரு கொடுப்பா?

எமர்ஜென்சியில, மிசாவுல உள்ள போட்டவன் கோர்ட்டுக்குப் போகலாம்னு ஒம்பது ஹைகோர்ட்டு சொன்னத 1976ல சுப்ரீம் கோர்ட்டு நாலுக்கு ஒண்ணுன்னு கவுத்துச்சு. அந்த ஒண்ணு எச்.ஆர்.கன்னா. அவர தாண்டி ஜூனியருக்கு தலைமை நீதிபதி பதவி போச்சு, அவர் ராஜினாமா பண்ணிட்டாரு. அந்தத் தீர்ப்ப வெளிப்படையா தூக்கிப் போட்டது 2017லதானுங்க, அந்தரங்க உரிமை பத்தின புட்டசாமி கேஸ்ல.

முன்தீர்ப்பப் பின்பத்தற இந்தக் கொள்கைய நமக்குக் கொடுத்த இங்கிலாந்துலயே, அப்ப அங்க உச்ச கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை 1966ல, ரொம்ப கறாரா புடிச்சா அநியாயம் ஆகலாம்னு சொல்லி தன்னோட கட்ட தானே அவுத்துக்குச்சு. நம்ம சுப்ரீம் கோர்ட்டும் 1955லயே தன் தீர்ப்ப தானே மாத்தலாம்னு சொல்லியிருக்கு. அதிகாரம் இருந்தும் தயங்கறதுதான் வெனை.

எதிரணி அக்கா 'உறுதி, உறுதி'ன்னு நாலு தடவ சொன்னாங்க. 2020லருந்து 2024 வரைக்கும், தப்பா இருக்கலாம்னு கோர்ட்டே சந்தேகப்பட்ட ஒரு தீர்ப்பு சட்டமா நின்னுச்சே, அதுல யாருக்கு என்ன உறுதி கெடைச்சுதுன்னு அவங்க பதில்ல சொல்லட்டுமுங்க.